ஒரே குருவின் கீழ் ஒரு வகுப்பு

2008 டிசம்பருக்கும் 2009 டிசம்பருக்கும் இடையில் பிறந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய ஜாதகத்தை எடுத்துப் பாருங்கள். அநேகமாக மகரக் கட்டத்தில் 'குரு' என்று எழுதியிருக்கும். மே தொடக்கம் முதல் ஜூலை முடியும் வரை பிறந்த பிள்ளைக்கு மட்டும் அது கும்பத்தில் இருக்கும். மகரம் குருவுக்கு நீச வீடு. ராகுவும் அந்த ஆண்டின் பெரும்பகுதியில் அதே மகரத்தில்தான் இருந்தது. அதனால் பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்று கேட்கப் போன பல பெற்றோர், "குரு நீசம், கூடவே ராகு, ஞானகாரகனே கெட்டுக் கிடக்கிறான்" என்ற வார்த்தையோடு கலங்கிப் போய் வீடு திரும்பியிருக்கிறார்கள்.

அவர்கள் கலங்குவதற்கு முன் ஒரு விஷயத்தை யோசித்திருக்கலாம். குரு ஒரு ராசியில் ஏறத்தாழ ஓராண்டு தங்குகிறது, பன்னிரண்டு ராசிகளையும் சுற்றி வர சுமார் 12 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. ஒரு வகுப்பில் படிக்கும் பிள்ளைகளும் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளிக்குள் பிறந்தவர்கள்தான். அப்படியென்றால் அந்த வகுப்பு முழுவதற்கும் ஒரே குரு, மிஞ்சினால் இரண்டு குரு. முதல் மதிப்பெண் வாங்கும் பெண்ணுக்கும், கடைசி வரிசையில் உட்கார்ந்து நோட்டின் பின்பக்கத்தில் படம் வரையும் பையனுக்கும் குரு நிற்கும் ராசி ஒன்றே. குரு நீசம் என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒரு பிள்ளையின் படிப்பைப் பற்றி யாராவது முடிவு சொன்னால், அவர் அந்த வகுப்புக்கே முடிவு சொல்கிறார்.

படிப்பு என்றதும் ஜோதிடர்கள் முதலில் பார்ப்பது மூன்று. புதன், குரு, லக்னத்திலிருந்து எண்ணி வரும் ஐந்தாம் இடம். இவை ஒவ்வொன்றும் எதைக் குறிப்பதாக நூல்கள் சொல்கின்றன, அந்தக் குறிப்பு எவ்வளவு தூரம் ஒரு தனிப் பிள்ளைக்கு உரியது, எந்த இடத்தில் அது வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். ஜாதகம் பார்க்கும் பழக்கம் உள்ள வீடுகளில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் எடுக்கப்படும் முடிவு பிள்ளையின் பல ஆண்டுகளைத் தீர்மானித்துவிடுகிறது. அதனால் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் புதன். கணக்கு, மொழி, நினைவாற்றல், பேச்சு, எழுத்து, ஒன்றைப் பகுத்துப் பிரித்துப் பார்க்கும் திறன் எல்லாம் புதனுக்குரியவை. உடம்பில் நரம்பு புதனுடையது. மிதுனமும் கன்னியும் புதனின் சொந்த வீடுகள். அதிலும் கன்னியே உச்ச வீடு, மீனம் நீச வீடு. எந்தக் கிரகத்தோடு சேர்கிறதோ அதன் குணத்தை ஏற்றுக்கொள்வது புதனின் தனி இயல்பு. சுபரோடு சேர்ந்தால் சுபன், பாபரோடு சேர்ந்தால் பாபன். அதனால் புதன் எந்த ராசியில் என்பதோடு, பக்கத்தில் யார், பார்ப்பது யார் என்றும் ஜோதிடர் பார்ப்பார்.

புதன் சூரியனை விட்டு வெகுதூரம் போகாது. பூமியிலிருந்து பார்க்கும்போது இரண்டுக்கும் உள்ள இடைவெளி 28 பாகையைத் தாண்டுவதில்லை. சூரியன் இருக்கும் ராசியிலோ, அதற்கு முன் ராசியிலோ, பின் ராசியிலோதான் புதன் இருக்க முடியும். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. சூரியனும் புதனும் ஒரே ராசியில் கூடும் 'புத ஆதித்ய யோகம்' பெரிய அறிவாளிகளுக்கு மட்டும் வாய்ப்பது போலச் சொல்லப்படுகிறது. ஆனால் இவ்வளவு நெருக்கமாகவே சுற்றுகிற இரண்டு கிரகங்கள் அடிக்கடி ஒரே கட்டத்தில்தான் இருக்கும். மிகப் பலருடைய ஜாதகத்தில் இந்த யோகம் உண்டு. கூடவே, சூரியனுக்கு 14 பாகைக்குள் புதன் வந்தால் அஸ்தங்கம், வக்ரத்தில் இருந்தால் 12 பாகைக்குள். ஒளி மங்கிய புதன் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஆக யோகமும் அதன் குறையும் ஒரே சேர்க்கையிலேயே இருக்கின்றன. யோகத்தை மட்டும் சொல்லிவிட்டுப் பாகையைப் பார்க்காத ஜோதிடர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

இரண்டாவது விஷயம் மாதத்தைப் பற்றியது. சூரியனோடே புதன் போவதால், அது உச்சமாவது புரட்டாசியை ஒட்டித்தான், நீசமாவது பங்குனியை ஒட்டித்தான். ஆவணிக்கும் ஐப்பசிக்கும் இடையில் பிறந்த பிள்ளைகளுக்கே உச்ச புதன் வாய்க்கும். மாசிக்கும் சித்திரைக்கும் இடையில் பிறந்தவர்களுக்கே நீச புதன் வரும். நீச புதன் உண்மையிலேயே கணக்கைக் கெடுக்குமானால், பங்குனிப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்பது முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஜூலை இறுதியை வைத்து வயதுக் கணக்குப் பார்க்கும் பள்ளிகளில் ஆவணி, புரட்டாசியில் பிறந்த பிள்ளைகள்தான் வகுப்பிலேயே மூத்தவர்கள். சிறு வகுப்பில் சில மாத மூப்பு படிப்பில் உதவும் என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட விஷயம். உச்ச புதன் உள்ள குழந்தை ஒன்றாம் வகுப்பில் மளமளவென்று எழுதினால், அதற்குக் காரணம் புதன்தானா, எட்டு மாத மூப்பா என்று கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

குரு வேறு வகை. புதன் விவரத்தைப் பிடிக்கிறது, குரு அதன் பொருளைப் பிடிக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லலாம். தனுசும் மீனமும் சொந்த வீடு, கடகம் உச்சம், மகரம் நீசம். புதன் பலமாகவும் குரு பலமில்லாமலும் இருக்கும் பிள்ளை மதிப்பெண் வாங்கும், ஆனால் "எதற்காக இதைப் படிக்கிறோம்" என்று கேட்காது என்பார்கள் பழைய ஜோதிடர்கள். குரு பலமாகவும் புதன் பலமில்லாமலும் இருந்தால், பாடம் முழுக்கப் புரிந்திருக்கும், வீட்டில் கேட்டால் அழகாகச் சொல்லும், பரீட்சைத் தாளில் வருடமும் சூத்திரமும் மாறிப்போகும். இப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பதை எந்த ஆசிரியரும் ஒப்புக்கொள்வார். கிரகத்தைப் பற்றி உங்களுக்கு என்ன நம்பிக்கை இருந்தாலும் சரி, விவரத்தில் திணறுகிற பிள்ளைக்கும் பொருள் புரியாமல் திணறுகிற பிள்ளைக்கும் செய்ய வேண்டிய உதவி வெவ்வேறு என்ற இந்தப் பிரிவினை வீட்டில் மிகவும் பயன்படும்.

இனி ஐந்தாம் இடம். பூர்வ புண்ணிய ஸ்தானம், புத்தி ஸ்தானம் என்று இதற்குப் பெயர். பிள்ளைப்பேற்றுக்கும் இதே வீடுதான். படிப்புக்கு ஏன் ஐந்து, நான்கு அல்லவா வித்யா ஸ்தானம் என்று சிலர் கேட்பார்கள். நம்மூர் வழக்கத்தில் இரண்டாம் இடம் ஆரம்பக் கல்வியையும் வாக்கையும் காட்டும், நான்காம் இடம் பள்ளி, பட்டம் என்று முறையாகப் பெறும் படிப்பைக் காட்டும், ஒன்பது உயர்கல்வி. ஐந்தாம் இடம் காட்டுவது பட்டத்தை அல்ல, புத்தி இயங்கும் விதத்தை. ஒன்றைக் கிரகிப்பது, மனத்தில் நிறுத்துவது, வேண்டிய நேரத்தில் எடுத்துத் தருவது எல்லாம் ஐந்து. நாலு நன்றாக இருந்து ஐந்து சுமாராக இருப்பவர்கள் பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்குவார்கள் என்றும், ஐந்து நன்றாக இருந்து நாலு கெட்டவர்கள் பள்ளியைப் பாதியில் விட்டும் தொழிலில் கெட்டிக்காரராக இருப்பார்கள் என்றும் சொல்வதுண்டு.

இந்த மூன்றில் தனிப் பிள்ளைக்கு உரியது ஐந்தாம் இடம் ஒன்றுதான். குரு வகுப்புக்கே பொது. புதனின் ராசி சில வாரங்களில் பிறந்த எல்லோருக்கும் பொது. லக்னம் மட்டும் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ராசி என்று நகர்கிறது. லக்னம் மாறினால் ஐந்தாம் இடம் மாறும், அதன் அதிபதி மாறும், அதே குருவும் அதே புதனும் வேறு வேறு வீட்டுக்குப் போய்விடும். ஒரே நாளில் பிறந்த இரண்டு பிள்ளைகளை வைத்து இதைப் பார்க்கலாம். பிள்ளைகள் கற்பனை, கிரக நிலை உண்மையானது.

2009 செப்டம்பர் 5, தமிழ்நாட்டில் ஏதோ ஓர் ஊர். சூரியனும் சனியும் சிம்மத்தில். புதன் கன்னியில், உச்ச பாகையான 15-க்கு அருகில். சூரியனிலிருந்து 20 பாகைக்கு மேல் விலகி நிற்பதால் அஸ்தங்கம் இல்லை. குருவும் ராகுவும் மகரத்தில். செவ்வாய் மிதுனம், சுக்கிரன் கடகம். முந்திய நாள்தான் பௌர்ணமி. சந்திரன் கும்பத்தில், பூரட்டாதி நட்சத்திரம்.

முதல் பிள்ளை காலை எட்டு மணிக்குச் சற்று முன் பிறக்கிறது. கன்னி லக்னம். லக்னத்திலேயே உச்ச புதன். இதைப் 'பத்ர யோகம்' என்பார்கள், லக்னத்தில் புதனுக்குத் திக்பலமும் உண்டு. ஆனால் கன்னிக்கு ஐந்தாம் இடம் மகரம். அங்கே நீச குரு, ராகு. ஐந்துக்குடைய சனி பன்னிரண்டில், சூரியனோடு. அவசரப்படுகிறவர் இங்கேயே "புத்தி ஸ்தானம் போச்சு" என்பார். நிதானமாகப் பார்ப்பவர் அடுத்த இரண்டு அடி எடுத்து வைப்பார். குரு நிற்கும் வீட்டின் அதிபதி சனி, சந்திரனுக்கு ஏழில், அதாவது கேந்திரத்தில் நிற்கிறார். இது நீசபங்கம், நீசத்தின் தோஷம் விலகுகிறது என்று நூல்கள் ஏற்கும் விதி. கூடவே மகரத்திலிருந்து குருவின் ஒன்பதாம் பார்வை கன்னியில் விழுகிறது, லக்னத்திலும் புதனிலும். மிதுனத்துச் செவ்வாயின் நாலாம் பார்வையும் அதே புதனில். இதை ஒன்றாக்கிச் சொன்னால், கணக்கிலும் விவரத்திலும் கூர்மையான பிள்ளை, பொருளும் புரியும், ஆனால் செவ்வாயின் வேகத்தில் தாளை முடித்துவிட்டுச் சரிபார்க்காமல் எழுந்துவிடும், தெரிந்த கணக்கில் கழித்தல் குறியை விட்டு மார்க்கை இழக்கும் என்று ஒரு ஜோதிடர் சொல்வார்.

இரண்டாவது பிள்ளை இரண்டு மணி நேரம் கழித்து, ஒன்பதே முக்காலுக்குப் பிறக்கிறது. துலா லக்னம். கிரகங்கள் அப்படியே இருக்கின்றன, வீடுகள் எல்லாம் ஓர் இடம் தள்ளிவிட்டன. உச்ச புதன் இப்போது பன்னிரண்டில். நீச குருவும் ராகுவும் நாலில், முறையான படிப்பைக் காட்டும் வீட்டில். ஐந்தாம் இடம் கும்பம். அங்கே ஏறத்தாழ முழு நிலவாகச் சந்திரன். ஐந்துக்குடைய சனி பதினொன்றில் இருந்துகொண்டு தன் வீட்டையே ஏழாம் பார்வையாகப் பார்க்கிறார். துலாத்துக்குச் சனி யோககாரகர் என்பதால் இது ஐந்தாம் இடத்துக்குப் பலம். ஆனால் மனோகாரகனான சந்திரன்மேல் அதே பார்வை விழுவதால் மனத்துக்குப் பாரம். இந்தப் பிள்ளைக்கு ஊர் மாற்றம், பள்ளி மாற்றம், படிப்பில் இடைத்தடங்கல் இருக்கலாம், உணர்ந்து படிக்கும், சொன்னதை மறக்காது, ஆனால் எதிர்பார்ப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு வருந்தும் என்று பலன் வரும்.

ஆஸ்பத்திரியில் நேரத்தை எழுதும் நர்சுக்கு ஆயிரம் வேலை இருக்கும். குழந்தையைத் துடைத்து, எடை பார்த்து, பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவார்கள். கால் மணி பிசகினால், லக்னம் ராசியின் நடுவில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ராசி மாறும் சந்தியில் பிறந்த பிள்ளைக்கு முதல் ஜாதகம் இரண்டாவது ஜாதகம் ஆகிவிடும். கல்விக்கென்றே பராசரர் முறையில் சொல்லப்படும் சதுர்விம்சாம்சத்தில் ஒரு ராசி 24 துண்டாக்கப்படுகிறது. ஒரு துண்டு ஒன்றேகால் பாகை, லக்னம் அதைக் கடக்க ஐந்து நிமிஷம்தான். ஐந்து நிமிஷம் வரை பிறந்த நேரம் உறுதியாகத் தெரிந்த குழந்தைகள் எத்தனை பேர்? அந்தக் கட்டத்தை வைத்து "இந்தப் பிள்ளைக்கு மருத்துவம்தான்" என்று அடித்துச் சொல்பவரிடம், பிறந்த நேரத்தை எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும் விதத்திலேயே நிறையத் தெரிந்துவிடும்.

பரீட்சை பயம் என்று வரும்போது புதனைவிடச் சந்திரனைத்தான் ஜோதிடர்கள் அதிகம் பார்க்கிறார்கள். சந்திரனைப் புதனுக்குப் பகை என்று சொல்லும் மரபு உண்டு. மனம் கலங்கினால் படித்தது வெளியே வராது என்ற அனுபவத்தை அது தன் மொழியில் சொல்கிறது. சந்திரனோடு சனியோ ராகு கேதுவோ சேர்ந்தால், அல்லது ஐந்தாம் இடத்தில் அவர்கள் பார்வை பட்டால், வீட்டில் ஒப்பிக்கும் பிள்ளை ஹாலில் உறைந்துவிடும் என்பார்கள். இதற்குமேல் கோசாரம். ஏழரைச் சனி, சந்திராஷ்டமம். இந்த இரண்டு சொற்களும் பரீட்சைக் காலத்தில் வீடுகளில் விளைவிக்கும் பயம் அதிகம், அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஏழரைச் சனி எப்போதும் மூன்று ராசிக்காரர்களுக்கு நடந்துகொண்டிருக்கும். பன்னிரண்டில் மூன்று என்றால் கால்வாசி. எந்த ஆண்டு எடுத்தாலும் பொதுத்தேர்வு எழுதுவோரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு ஏழரை. சந்திராஷ்டமம் என்பது சந்திரன் நம் ராசிக்கு எட்டில் நிற்கும் இரண்டேகால் நாள். எந்தத் தேர்வு நாளிலும் பன்னிரண்டில் ஒருவருக்கு அது இருக்கும். 24 பேர் எழுதும் ஹாலில் சராசரியாக இரண்டு பேருக்கு. ஐந்தாறு பாடங்களுக்கு மூன்று வாரம் நடக்கும் தேர்வில், சந்திரன் 27 நாளில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால், பெரும்பாலான மாணவர்களுக்குத் தேர்வுக் காலத்துக்குள் ஒருமுறை சந்திராஷ்டமம் வந்து போய்விடும். அவர்களில் பெரும்பாலோர் தேறுகிறார்கள். கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் இரவு, "நாளைக்கு உனக்குச் சந்திராஷ்டமம், பார்த்து எழுது" என்று ஒரு பிள்ளையிடம் சொல்லும் பாட்டிக்கும் அம்மாவுக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அந்தப் பிள்ளை முதல் கேள்வியில் தடுமாறியவுடன், தடுமாற்றத்துக்குக் காரணம் வானத்தில் இருக்கிறது என்று நினைத்துக் கையை விட்டுவிடும். அந்த வாக்கியம் இல்லாவிட்டால் அடுத்த கேள்விக்குப் போயிருக்கும். காலண்டரில் உள்ள அந்த வரியைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளையின் காதில் போட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் இரண்டு பிள்ளைகளுக்கும் கும்ப ராசி. பூரட்டாதி குருவின் நட்சத்திரம், அதனால் குரு தசையில் பிறந்து, பன்னிரண்டு வயதை ஒட்டிச் சனி தசைக்குள் நுழைகிறார்கள். 2020-களின் தொடக்கத்திலிருந்து ஏழரையும் கூடவே ஓடுகிறது. சனி தசை, ஏழரைச் சனி, நீச குரு என்று மூன்றும் சேர்த்து ஒருவர் பயமுறுத்தத் தொடங்கினால், பரிகாரப் பட்டியல் நீளும், மரகத மோதிரமும் ஹோமமும் அதில் வரும். புதனுக்குத் திருவெண்காடு, குருவுக்கு ஆலங்குடி, படிப்புக்குக் கூத்தனூர் சரஸ்வதி, ஹயக்ரீவருக்குத் திருவந்திபுரம் என்று குடும்பத்தோடு ஒரு நாள் போய் வருவது வேறு. பிள்ளைக்கு அது மனத்தெம்பு, கையில் பேனாவை வைத்துக் கும்பிட்டு வருவதில் இழப்பு ஒன்றும் இல்லை. பரீட்சை நெருங்கும்போது பல ஆயிரம் கேட்கும் பரிகாரம் பிள்ளையின் தோளில் இன்னொரு மூட்டையாகிறது. "உனக்காக இவ்வளவு செலவு செய்தோம்" என்பது அதன்பின் வீட்டில் தானாகவே வரும்.

தூக்கம் கெடுவது, சாப்பாடு இறங்காமல் போவது, புத்தகத்தைத் திறந்தாலே கை நடுங்குவது, "நான் இல்லாவிட்டால் என்ன" என்பது போன்ற பேச்சு இவற்றில் எதைக் கண்டாலும் ஜாதகத்தை மூடி வைத்துவிட்டு 14416 என்ற டெலிமானஸ் எண்ணையோ 104-ஐயோ அழையுங்கள். இரண்டும் இலவசம். இங்கே காத்திருக்கக் கூடாது.

ஜாதகத்தைப் பார்த்துப் படிக்கிற பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியை ஒருவர் நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார். வானியலாளர் ஜெயந்த் நார்லிகர். மகாராஷ்டிரத்தில், நரேந்திர தபோல்கரின் மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பும் புள்ளியியல் அறிஞர்களும் உதவ, அவர் நடத்திய சோதனையின் முடிவு 2009-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்தது. நன்றாகப் படிக்கும் 100 பள்ளிப் பிள்ளைகளின் பிறந்த விவரம், அறிவுசார் குறைபாடுள்ள 100 பிள்ளைகளின் பிறந்த விவரம், இரண்டும் திரட்டப்பட்டன. ஜாதகம் கணிக்கப்பட்டு, கலைக்கப்பட்டு, ஜோதிடர் ஒவ்வொருவருக்கும் 40 வீதம் அனுப்பப்பட்டது. எது எந்தப் பிள்ளையுடையது என்று சொல்ல வேண்டும். 51 பேர் கலந்துகொள்ள முன்வந்தார்கள், 27 பேர் விடை அனுப்பினார்கள். சராசரியாக 46 சதவீதம் சரி. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். ஒரு ஜோதிட நிறுவனம் 200 ஜாதகங்களையும் மொத்தமாக எடுத்துப் பார்த்தது. அதற்கு 102 சரியாக வந்தன.

புதன், குரு, ஐந்தாம் இடம் மூன்றும் பேச வேண்டிய கேள்விக்கு இதைவிட நேரான சோதனை இருக்க முடியாது. கேட்டது நுணுக்கமான கேள்வியும் அல்ல, இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் இடையிலிருந்த தூரம் பெரிது. பெற்றோர் சொன்ன பிறந்த நேரம் பிசகியிருக்கலாம் என்று ஜோதிடம் பயின்றவர்கள் மறுப்புச் சொல்லலாம். அது நியாயமான மறுப்புதான். ஆனால் அதே பெற்றோர், அதே நேரத்தைத்தான் ஜோதிடரின் அறையிலும் சொல்கிறார்கள். சோதனைக்கு உதவாத நேரம் குரூப் தேர்வுக்கு மட்டும் எப்படி உதவும்?

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் பத்தாம் வகுப்பு முடிந்ததும் குடும்ப ஜோதிடரிடம் போகிறவர்கள் போவார்கள். தலைமுறையாக உள்ள வழக்கத்தை ஒரு கட்டுரை மாற்றிவிடாது, மாற்ற வேண்டும் என்பதும் என் விருப்பம் அல்ல. அங்கே எப்படிக் கேட்பது என்பதில்தான் வித்தியாசம். நூல்களில் துறைப் பட்டியல் இருக்கிறது. புதனுக்குக் கணக்கு, வணிகம், எழுத்து; குருவுக்குச் சட்டம், போதனை, நிதி; செவ்வாய்க்குப் பொறியியல், அறுவை மருத்துவம்; சூரியனுக்கு மருத்துவம், அரசு; சுக்கிரனுக்குக் கலை. கணினி எந்த மூல நூலிலும் கிடையாது, இந்தக் காலத்து ஜோதிடர்கள் அதைப் புதனோடும் ராகுவோடும் சேர்த்துக்கொண்டார்கள். எல்லா ஜாதகத்திலும் ஒன்பது கிரகங்களும் ஏதோ ஓரிடத்தில் இருப்பதால், தேடினால் எந்தத் துறைக்கும் ஆதாரம் கிடைக்கும். அப்பா டாக்டர் என்று தெரிந்தால் சூரியன் கண்ணில் படும்.

நம் முதல் பிள்ளைக்குப் பத்தாம் இடம் மிதுனம், அதில் செவ்வாய், அதிபதி புதன் உச்சம். கணக்கு, கணினி, பொறியியல் என்று எவரும் சொல்வார்கள். இரண்டாவது பிள்ளைக்குப் பத்தாம் இடம் கடகம், அங்கே லக்னாதிபதி சுக்கிரன், பத்துக்குடைய சந்திரன் ஐந்தில். மனிதர்களோடு பழகும் துறை, உளவியல், செவிலியம், வடிவமைப்பு என்று பலன் போகும். இந்த ஊகங்களைச் சரிபார்க்க வீட்டிலேயே பொருள் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள ரிப்போர்ட் கார்டுகளை எடுத்து, பாடவாரியாக ஐந்து வருட மதிப்பெண்ணை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஆசிரியர் மாறியபோதும் பள்ளி மாறியபோதும் இறங்காமல் நின்ற பாடம் எது என்று பாருங்கள். திருத்திய விடைத்தாள்கள் இருந்தால், மார்க் போனது தெரியாததாலா, தெரிந்தும் தவறியதாலா, நேரம் போதாததாலா என்று பிரியுங்கள். யாரும் சொல்லாமல் பிள்ளை தானாக எதைப் படிக்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

ஜோதிடரிடம் போவதானால் இந்தத் தாளைக் கையில் எடுத்துப் போங்கள், ஆனால் உடனே காட்ட வேண்டாம். அவர் சொல்லி முடித்ததும், சொன்னதை அதன் எதிரில் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் புதிதாக ஒன்றும் தெரியவில்லை, மனத்துக்குத் திடம் கிடைத்தது. ஒத்துப்போகாவிட்டால் ஐந்து வருட மதிப்பெண்ணை நம்புங்கள். பயாலஜி குரூப்பா, கம்ப்யூட்டர் சயின்ஸா, காமர்ஸா என்று விண்ணப்பத்தில் எழுதும் நாளுக்கு முன், இரண்டு பாடங்களின் பதினோராம் வகுப்புப் புத்தகத்தையும் வாங்கி, பிள்ளையிடம் கொடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பாடத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்நாடு பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்தப் புத்தகத்தில் மூன்றாவது பாடத்துக்கும் தானாகவே போனது என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.